சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்: ‘நியாயமானதா’ என்பது கடைசிக் கேள்வி

அரசியலமைப்புச் சட்டத் தாள் எழுதப்போகும் மாணவர்களுக்கு,

அடிப்படை உரிமைகள் பற்றிய பிரச்சினை வினாவுக்கு நீங்கள் எழுதும் விடைகளைப் பல வருடமாகத் திருத்தி வருகிறேன். பெரும்பாலான விடைகள் ஒரே மாதிரிதான் ஓடுகின்றன. முதல் பத்தியில் உறுப்பு 19, அடுத்த பத்தியில் ‘உரிமைகள் எல்லையற்றவை அல்ல’, அப்புறம் நேராக ‘இந்தக் கட்டுப்பாடு நியாயமானது’ அல்லது ‘நியாயமற்றது’ என்ற தீர்ப்பு. வினாவில் கொடுத்த சம்பவத்தை யாரும் தொடுவதேயில்லை. மதிப்பெண் எங்கே போகிறது என்று ஒரு வினாவை வைத்தே காட்டிவிடுகிறேன்.

ஒரு சிற்றூரில் ஆலைக் கழிவு ஏரியில் கலப்பதைப் பற்றி இளைஞர் குழு ஒன்று வீதி நாடகம் போட இருக்கிறது. ஞாயிறு மாலை, சந்தை முக்கு. குழுவில் ஆறு பேர். ஐவர் இந்தியக் குடிமக்கள், ஒருவர் முகாமில் வாழும் இலங்கைத் தமிழர். ஆலைத் தொழிலாளர் சிலர், ‘நாடகம் நடந்தால் நாங்கள் வந்து நிறுத்துவோம்’ என்று கடிதம் கொடுக்கிறார்கள். காவல் ஆய்வாளர் ஓர் உத்தரவு போடுகிறார்: ‘பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா பிரிவு 163-இன் கீழ், பொதுநலன் கருதியும் சட்டம் ஒழுங்கு கருதியும், இவ்வூரில் ஓராண்டுக்கு எந்த வீதி நாடகமும் நடத்தக் கூடாது.’ குழுவுக்கு ஆலோசனை கூறுக.

யார் கேட்கிறார்கள், எந்த உரிமையை என்பதில் தொடங்குங்கள். உறுப்பு 19 குடிமக்களுக்கு மட்டும் உரியது. முகாம் இளைஞர் உறுப்பு 14-ஐயும் 21-ஐயும் பிடித்துக்கொள்ளலாம், 19-ஐக் கோர முடியாது. மற்ற ஐவரும் மனுதாரராக இருப்பதால் வழக்கு இதனால் விழாது. உரிமைகள் இரண்டு: 19(1)(அ)-வின் கருத்துரிமை, 19(1)(ஆ)-வின் ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை. இதற்கு நாலு வரி போதும்.

அடுத்தது, பலர் தாண்டிப் போய்விடும் இடம். இந்தக் கட்டுப்பாட்டுக்குச் சட்டத்தின் துணை இருக்கிறதா? உரிமையைச் சட்டத்தின் வழியாகத்தான் கட்டுப்படுத்த முடியும், அதிகாரியின் விருப்பத்தால் முடியாது. 1962-இல் கரக் சிங் வழக்கில் உத்தரப் பிரதேசக் காவல் விதிமுறைகள் வெறும் துறைசார் அறிவுறுத்தல்களே, சட்டம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் வினாவில் சட்டம் இருக்கிறது, ஆனால் கையெழுத்து தவறானது. பிரிவு 163-இன் அதிகாரம் மாவட்ட நடுவர், உட்கோட்ட நடுவர், அதற்கென அதிகாரம் பெற்ற பிற நிர்வாக நடுவர் ஆகியோருக்கே உண்டு. சிற்றூர்க் காவல் ஆய்வாளர் அந்தப் பட்டியலில் இல்லை. அப்புறம் ‘ஓராண்டு’. இந்தப் பிரிவின் உத்தரவு இரண்டு மாதம் வரைதான் நிற்கும். அதை நீட்டிப்பது மாநில அரசின் வேலை, அதுவும் மேலும் ஆறு மாதத்துக்கு மேல் போகாது. உத்தரவு எழுத்தில், வழக்கின் முக்கிய விவரங்களைச் சொல்லி இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் உண்டு. ஆய்வாளர் எந்த விவரமும் சொல்லவில்லை.

இங்கேயே உத்தரவு விழுந்துவிட்டது. ஆனாலும் பேனாவை மூடிவிடாதீர்கள். நாளைக்கே உட்கோட்ட நடுவரான கோட்டாட்சியர் அதே வாசகத்தில் இரண்டு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்? வினாவின் பாதி மதிப்பெண் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

காரணம் பட்டியலில் உண்டா என்று பாருங்கள். 19(2)-ஐத் திறந்து விரலை வைத்துத் தேடுங்கள்: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். ‘பொதுநலன்’ அதில் கிடையாது. தொழில் செய்யும் உரிமைக்கான 19(6)-இல் இருக்கிறது, கருத்துரிமைக்கு இல்லை. செய்தித்தாள் விலைக்கேற்பப் பக்கங்களின் எண்ணிக்கையை அரசு கட்டுப்படுத்த முயன்றபோது, 1961-இல் சகால் பேப்பர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைக் காட்டித்தான் அதை ரத்து செய்தது. 2023-இல் கௌஷல் கிஷோர் வழக்கிலும் 19(2)-இன் பட்டியல் முழுமையானது, புதிதாக எதையும் சேர்க்க முடியாது என்று அரசியலமைப்பு அமர்வு சொல்லிவிட்டது. கூடும் உரிமைக்கான 19(3) இன்னும் குறுகியது. இறையாண்மையும் ஒருமைப்பாடும், பொது ஒழுங்கு, அவ்வளவுதான்.

சரி, ‘சட்டம் ஒழுங்கு’? அதுவும் பட்டியலில் இல்லை, இருப்பது பொது ஒழுங்கு. 1965-இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் நீதிபதி இதாயத்துல்லா ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்களை வரைந்து காட்டினார். வெளி வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, எல்லாவற்றுக்கும் உள்ளே அரசின் பாதுகாப்பு. சந்தை முக்கில் இருவர் கைகலந்தால் அது முதல் வட்டத்தோடு நின்றுவிடும். ஊரின் இயல்பு வாழ்க்கையே குலைந்தால்தான் இரண்டாவது வட்டம். கோட்டாட்சியருக்கு ஆதரவாக நீங்கள் வாதிட வேண்டுமானால் தொழிலாளர் கடிதத்தை இங்கே கொண்டுவாருங்கள்.

ஆனால் அந்தக் கடிதம் தடைக்குக் காரணமாகுமா? தமிழ்நாட்டிலிருந்தே போன வழக்கு இதற்கு விடை தருகிறது. இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. படம் ஓடினால் கலவரம் வரும் என்று மாநில அரசு சொன்னது. 1989-இல் ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஊர்வலம், வன்முறை மிரட்டலைக் காட்டிக் கருத்துரிமையை அடக்க முடியாது. ஆபத்து தொலைவானதாகவோ ஊகமாகவோ இருக்கக் கூடாது, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி போலப் பேச்சோடு பிரிக்க முடியாமல் ஒட்டியிருக்க வேண்டும். நம் வினாவில் மிரட்டுபவர் வேறு, பேசுபவர் வேறு. காவலர்களை நிறுத்துவது அரசின் கடமை. நாடகமே தொழிலாளர்களை அடிக்கச் சொல்லித் தூண்டுகிறது என்ற விவரம் வினாவில் இருந்திருந்தால் விடை தலைகீழாகியிருக்கும்.

இப்போதுதான் ‘நியாயமானதா’ என்ற கேள்விக்கு வருகிறோம். இதற்கு எனக்குப் பிடித்தது 1950-இன் சிந்தாமன் ராவ் வழக்கு. மத்தியப் பிரதேசத்தில் விவசாயப் பருவத்தில் வயல் வேலைக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்று குறிப்பிட்ட கிராமங்களில் பீடி சுற்றுவதையே தடை செய்தார்கள். நோக்கத்தை நீதிமன்றம் குறை சொல்லவில்லை. ஆனால் தடை வயலுக்குப் போகவே முடியாத முதியவர்களையும் உடல் ஊனமுற்றவர்களையும் சேர்த்து முடக்கியது. வேலை நேரத்தை மட்டும் கட்டுப்படுத்தியிருந்தாலே நோக்கம் நிறைவேறியிருக்கும். அதனால் சட்டம் விழுந்தது. அதே அளவுகோலை இங்கே வையுங்கள். அச்சம் ஒரு நாடகத்தைப் பற்றியது, தடையோ ஊரின் எல்லா வீதி நாடகத்துக்கும். டெங்கு விழிப்புணர்வு நாடகமும் இதில் மாட்டும்.

அதற்காகக் குழு நினைத்தபடியெல்லாம் சாலையை மறிக்கலாம் என்று எழுதிவிடாதீர்கள். 1972-இல் ஹிம்மத் லால் வழக்கில், பொதுத் தெருவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு, வழிகாட்டுதல் ஏதுமின்றி மறுக்கத்தான் முடியாது என்றார்கள். சந்தை முக்கில் பேருந்து திரும்பும் இடத்தை விட்டுத் தள்ளி ஆடுங்கள், ஏழு மணிக்குள் முடியுங்கள், ஒலிபெருக்கி வேண்டாம் என்று கோட்டாட்சியர் நிபந்தனை போட்டிருந்தால் அது பெரும்பாலும் நின்றிருக்கும்.

வினா ‘ஆலோசனை கூறுக’ என்கிறது, ஆகவே பரிகாரத்தையும் எழுதுங்கள். கோட்டாட்சியர் உத்தரவாக இருந்தால், அதை மாற்றக் கோரி அவரிடமே விண்ணப்பிக்கப் பிரிவு 163 இடம் தருகிறது. ஆய்வாளரின் உத்தரவு அதிகாரமே இல்லாமல் போட்டது. அதற்கு உயர் நீதிமன்றத்தில் உறுப்பு 226-இன் கீழ் மனு. நாடகம் ஞாயிற்றுக்கிழமை என்பதால் உத்தரவை ரத்து செய்யக் கேட்டால் மட்டும் போதாது. நிபந்தனைகளோடு நடத்த அனுமதிக்கும் இடைக்கால உத்தரவையும் அதே மனுவில் கேளுங்கள். இல்லையென்றால் வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் ஞாயிறு போய்விடும்.

அன்புடன்,
உங்கள் விடைத்தாள்களைத் திருத்தும் ஓர் ஆசிரியர்