வழக்கு நிலுவையில் இருக்கும்போது: தேர்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசுப் பணித் தேர்வு எழுதிவிட்டுத் தெரிவுப் பட்டியலுக்காகக் காத்திருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பணி தொடர்பான வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன் நான். ஒவ்வொரு தேர்வு முடிந்த பிறகும் "கேஸ் போட்டுட்டாங்க, ரிசல்ட் வராது" என்ற செய்தி வாட்ஸாப் குழுக்களில் பரவத் தொடங்கியதும் என்னைத் தேடி வருபவர்களிடம், என்ன உத்தரவு வந்திருக்கிறது என்று கேட்பேன். பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்காது. முடிவு எவ்வளவு தாமதமாகும் என்பதோ வழக்கு தொடரப்பட்டதைவிட, அதில் பிறப்பிக்கப்பட்ட உத்தரவின் சொற்களைப் பொறுத்தது.

ரிட் மனு விசாரணைக்கு வந்து, எதிர்மனுதாரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லி நீதிபதி உத்தரவிட்டால், தேர்வாணையத்தின் கை கட்டப்படுவதில்லை. முடிவை வெளியிடலாம், கலந்தாய்வும் நடத்தலாம். "பணி நியமனம் இம்மனுவின் இறுதித் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது" என்று உத்தரவானாலும் பட்டியல் வெளிவரும். ஆனால் பின்னாளில் அது மாறக்கூடும் என்ற நிபந்தனை அதில் சேர்ந்துவிடும். மனுதாரருக்காக ஒரு பணியிடத்தைக் காலியாக வைக்கும்படி உத்தரவிட்டால், பட்டியலின் கடைசியில் நிற்கும் ஒருவரைத் தவிர வேறெவருக்கும் பாதிப்பில்லை. முடிவை வெளியிடவோ நியமனம் செய்யவோ கூடாது என்று இடைக்காலத் தடை வந்தால்தான் எல்லாம் நிற்கும். ஆகவே முதலில் வழக்கின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். மதுரைக் கிளையின் ரிட் மனு என்றால் W.P.(MD) என்று தொடங்கும். சென்னை என்றால் W.P. என்று மட்டும் இருக்கும். அந்த எண்ணையும் ஆண்டையும் hcservices.ecourts.gov.in தளத்தில் இட்டால் அடுத்த விசாரணைத் தேதியும், பதிவேற்றப்பட்டிருந்தால் உத்தரவின் நகலும் கிடைக்கும். அதைப் படிக்காமல் எவர் சொல்வதையும் நம்ப வேண்டாம்.

இத்தகைய வழக்குகளில் பல, விடைக்குறிப்பிலிருந்தே பிறக்கின்றன. 2024 நீட் தேர்வின் இயற்பியல் வினா ஒன்றை எடுத்துக்கொள்வோம். அணுவைப் பற்றிய இரண்டு கூற்றுகளைத் தந்து, எது சரி என்று கேட்டிருந்தார்கள். என்.சி.இ.ஆர்.டி. பாடநூலின் பழைய பதிப்பைப் படித்தவர்களுக்கு இரண்டாம் விடையும், புதிய பதிப்பைப் படித்தவர்களுக்கு நான்காம் விடையும் சரியெனப்பட்டது. தேர்வு முகமை இரண்டுக்கும் மதிப்பெண் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் ஜூலை 22 அன்று, டெல்லி ஐ.ஐ.டி.யின் நிபுணர் மூவரைக் கொண்டு அந்த வினாவை ஆராய்ந்து மறுநாளே சொல்லும்படி கேட்டது. நான்காம் விடை ஒன்றே சரி என்று அவர்கள் அறிக்கை தந்தார்கள். இரண்டாம் விடையைக் குறித்திருந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு, கிடைத்திருந்த நான்கு மதிப்பெண் போனதோடு, தவறான விடைக்கான ஒரு மதிப்பெண்ணும் குறைந்தது. ஆளுக்கு ஐந்து மதிப்பெண் இறங்கியதும் தரவரிசையே புரண்டது. ஜூன் 4 அன்று வெளியான முடிவு ஜூலை 26 அன்று மீண்டும் வெளியானது. தேர்வு முழுவதையும் ரத்து செய்ய நீதிமன்றம் மறுத்துவிட்டது; ஆனால் ஒரே ஒரு வினா அத்தனை பேரின் இடத்தையும் மாற்றிவிட்டது.

இதிலிருந்து உங்களுக்கான வேலை என்ன? உத்தேச விடைக்குறிப்பு வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்கத் தரப்படும் நாட்கள் (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தில் பெரும்பாலும் ஏழு நாள்) மிக முக்கியமானவை. அந்த நாட்களுக்குள் இணையவழியில், அதற்கான பக்கத்திலேயே ஆட்சேபத்தைப் பதிவு செய்யுங்கள். பயிற்சி மையத்தின் விடைத்தாளை ஆதாரமாக இணைப்பதில் பயனில்லை. பாடநூலின் பெயர், பதிப்பாண்டு, பக்க எண் ஆகியவற்றோடு அந்தப் பக்கத்தின் படத்தையும் இணையுங்கள். புதிய பதிப்பு உண்டா என்று பார்த்துவிடுங்கள். ஏற்பு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். காலத்தில் ஆட்சேபம் தெரிவிக்காமல், பட்டியலில் பெயர் இல்லையென்று தெரிந்த பிறகு வரும் கட்சிக்காரருக்காக வாதாடுவது எனக்கே கடினம்.

வழக்கு தொடர நினைப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் 2009-இல் அறிவிக்கப்பட்ட ஆசிரியர் தேர்வொன்றின் விடைக்குறிப்பு வழக்கு, 2017 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நீதிமன்றம் விடைத்தாளைத் தானே திருத்தக் கூடாது, விடைக்குறிப்பு சரியானது என்றே முதலில் கொள்ள வேண்டும், ஐயம் இருந்தால் அதன் பலன் தேர்வு நடத்தியவர்களுக்கே சேரும் என்று அதில் சொல்லப்பட்டது. ஆகவே, "இந்த விடையும் சரியாக இருக்கலாம்" என்ற வாதத்துக்கு இடமில்லை. தவறு என்பது நீண்ட விளக்கமின்றிப் பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

பட்டியலில் பெயர் இருப்பவர்கள், "நமக்கு வேலை கிடைத்துவிட்டது, வழக்கு அவர்களுடையது" என்று இருந்துவிடுவதும் தவறு. பீகாரில் 2006-இல் அறிவிக்கப்பட்ட இளநிலைப் பொறியாளர் தேர்வில், நூறு வினாக்களுக்கான மாதிரி விடைகளில் 41 தவறானவை என்று நிபுணர்கள் கண்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013-இல் தீர்ந்தபோது, பணியில் இருந்தவர்கள் ஏறத்தாழ ஏழாண்டு வேலை பார்த்திருந்தார்கள். தங்களை வழக்கில் சேர்க்கவில்லை என்ற அவர்களின் வாதம், விடைக்குறிப்பே தவறென்றால் அதன்மேல் கட்டிய முடிவும் நிற்காது என்ற காரணத்தால் எடுபடவில்லை. சரியான குறிப்பைக் கொண்டு மீண்டும் திருத்தவும், அப்போது தகுதி மதிப்பெண்ணை எட்டாதவர்களைப் பணியிலிருந்து நீக்காமல் பட்டியலின் அடியில் வைக்கவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. வேலை நிலைத்தது, பணிமூப்பு போயிற்று. அவர்கள்மீது எந்த முறைகேட்டுக் குற்றச்சாட்டும் இல்லாததால்தான் இந்தச் சலுகை என்பதையும் மறக்க வேண்டாம்.

எனவே, உங்கள் பட்டியல் தாக்குதலுக்கு உள்ளாகியிருந்தால், உங்களையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கக் கோரி மனுச் செய்யலாம். ஒரே நிலையில் இருப்போர் சேர்ந்து ஒரு வழக்கறிஞரை அமர்த்தினால் போதும். ஆளுக்கொரு மனுப் போட்டால் விசாரணை இன்னும் நீளும். வசூல் நடக்கும் இடத்தில் ரசீதும், தாக்கல் செய்த மனுவின் நகலும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

இறுதியாக, காத்திருக்கும் காலத்தைப் பற்றி. தெரிவுப் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே பணி நியமனம் உரிமையாகிவிடாது என்பது 1991-லேயே தீர்ந்துபோன சட்டம். அரசு காரணமின்றி மறுக்கக் கூடாது என்பது மட்டுமே உங்களுக்குப் பாதுகாப்பு. ஆகவே, நியமன ஆணை கைக்கு வரும்வரை இப்போது பார்க்கும் வேலையை விடாதீர்கள். அடுத்த அறிவிக்கைக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். வயது வரம்பு உள்ள பிரிவினருக்கு வழக்கில் கழிந்த மாதங்கள் தாமாகத் திரும்பி வருவதில்லை. சாதிச் சான்று, தமிழ்வழியில் படித்ததற்கான சான்று ஆகியவற்றை, உங்கள் அறிவிக்கையில் கேட்ட படிவத்திலும் கேட்ட தேதிக்குள்ளும் பெற்றிருக்கிறீர்களா என்று இப்போதே பாருங்கள். தடை நீங்கியதும் சரிபார்ப்புக்கு அழைக்கும் அவகாசம் மிகக் குறைவாக இருக்கும். அப்போது வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்க நேரம் இருக்காது.

இப்படிக்கு,
மதுரைக் கிளை வழக்கறிஞர் ஒருவர்