சித்தி கேட்ட வேலை

பேர்ணாம்பட்டு

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் சித்தி பையன் விஷயத்தை நீ சொன்னபோது நான் உடனே பதில் சொல்லவில்லை. தை மாதம் நம் ஷூ யூனிட் உன் கைக்கு வந்ததும் அவனைத் தையல் லைனுக்கு சூப்பர்வைசராகப் போடச் சொல்கிறாள். கேட்டதில் தப்பில்லை. நம் சொந்தத்தில் யாருக்கு வேலை போனாலும் நம் வாசலுக்குத்தானே வருவார்கள். ஆனால் நான் செய்த ஒரு தவற்றை உனக்கு இதுவரை சொன்னதில்லை. அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

2016இல் உன் அத்தை பையனைக் கட்டிங்குக்குப் பொறுப்பாக வைத்தேன். உன் மாமா தவறி ஆறு மாதம்கூட ஆகவில்லை. என் தங்கை அழுதுகொண்டு வந்து நின்றாள். பையன் நல்லவன், கெட்டிக்காரனும்கூட. ஆனால் அந்த மேசையில் பதினோரு வருஷம் நின்ற மாஸ்டருக்கு மேலே அவனை உட்கார வைத்தேன்.

கட்டிங் எப்படிப்பட்ட வேலை என்று உனக்குத் தெரியும். தோலில் முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும். ஷூவின் முன்பக்கம் முதுகிலிருந்து வர வேண்டும். நாக்கு மாதிரி வெளியே அதிகம் தெரியாத துண்டுகளை ஓரத்தில் எடுக்கலாம். இடது காலுக்கும் வலது காலுக்கும் பக்கத்துப் பக்கத்தில் வெட்டினால்தான் நிறம் ஒத்துப்போகும். தோலை வெட்டும் அச்சை, அதாவது டையை, எங்கே வைப்பது என்பது கண்ணிலும் விரலிலும் இருக்கிற வேலை. புத்தகத்தில் படித்து வராது.

அந்த வருஷம் ஆம்பூர் கம்பெனி ஒன்றின் ஆர்டர், 1200 ஜோடி. தோல் அவர்களுடையது, ஜோடிக்கு 2 சதுர அடி என்று கணக்கு. 2400 அடியில் முடிய வேண்டியது 2580 அடி ஆனது. அதிகமான 180 அடிக்கு, அடிக்கு 110 ரூபாய் வீதம், 19,800 ரூபாயை நம் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை. கட்டிங்குக்குக் கொடுத்த தோலை எழுதும் இஷ்யூ ரிஜிஸ்டரைப் பார்த்தால் மூன்றாம் நாளிலிருந்தே தோல் கூடுதலாகப் போயிருக்கிறது. மாஸ்டருக்கு அது அன்றே தெரியும்.

"ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"சொன்னால் உங்க வீட்டுப் பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி ஆகும் முதலாளி" என்றார்.

அந்த மாதக் கடைசியில் அவர் வேறு யூனிட்டுக்குப் போய்விட்டார், கூடவே இரண்டு கட்டர்களும். அவர் பக்கம்தான் நியாயம். என் தங்கைக்கு நான் பட்ட கடனை அவருடைய இடத்தை எடுத்து அடைத்திருக்கிறேன். மாதம் ஒரு தொகையை என் பையிலிருந்து அவளுக்குக் கொடுத்திருந்தால் யாருக்கும் ஒன்றும் குறைந்திருக்காது.

சொந்தக்காரர்களையே சேர்க்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. உன் பெரியம்மா பெண்ணை 2019இல் எடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பேஸ்டிங் மேசையில் எல்லாருக்கும் கொடுத்த கூலிதான் அவளுக்கும். பிறகு தோலின் ஓரத்தை மெலிதாகச் சீவும் ஸ்கைவிங் கற்றுக்கொண்டாள், மெஷினில் உட்கார மூன்று வருஷம் ஆனது. ஆர்டர் குறைந்த மாதத்தில் மற்றவர்களைப் போல அவளும் முறை வைத்து வீட்டில் இருந்தாள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண்களும் அப்படித்தானே, ஒருத்தி தன் தங்கையைக் கூட்டி வருவாள், தங்கை லீவு போட்டால் அக்காவுக்குத்தான் வெட்கம். நம் லைனில் பாதிப்பேர் இப்படி வந்தவர்கள். சொந்தத்தால் உள்ளே வரலாம், கண்ணு. அதற்கு மேல் ஏறுவதற்கு அவளவள் கை வேலைதான் வழி.

சரி, சித்தி பையனுக்கு வருவோம். டிப்ளமா முடித்தவன், ஆனால் லைனில் ஒரு நாள்கூட நின்றதில்லை. பதினான்கு வருஷமாகத் தைக்கிற அக்கா, போன சூப்பர்வைசர் நின்றதிலிருந்து சம்பளம் கூட்டிக் கேட்காமலே லைனைப் பார்த்துக்கொள்கிறார். அந்த இடம் அவருடையது. பையனைச் செக்கிங் மேசையில் போடு, புதிதாக வருகிறவர்களின் சம்பளத்தில். எந்தத் தையல் எங்கே விட்டுப்போகும் என்று அங்கேதான் தெரியவரும். அவன் அந்த அக்காவிடம்தான் லீவு கேட்க வேண்டும், உன்னிடம் கேட்கக் கூடாது. அவனைச் சேர்ப்பதற்கு முன்னால் நீயே அந்த அக்காவிடம் போய், "இவன் மேல் குறை இருந்தால் முதல் வாரமே என்னிடம் சொல்லணும்" என்று சொல்லு. அவர் ஒரு தடவை வந்து சொல்லும்போது நீ எப்படிக் கேட்டுக்கொள்கிறாய் என்பதை லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சித்தியிடம் நானே பேசுகிறேன். கோபித்துக்கொள்வாள், இரண்டு மாதம் வீட்டுப் பக்கம் வராமலும் இருப்பாள். அவர்கள் வீட்டு வாடகைக்கு ஏதாவது வேண்டுமென்றால் நான் கொடுத்துக்கொள்கிறேன், யூனிட் கணக்கில் எழுதாதே.

அந்த 2016 ரிஜிஸ்டர் என் மேசையின் இரண்டாவது டிராயரில் இருக்கிறது. அந்த ஆர்டரின் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். வந்ததும் எடுத்துப் பார்.

அன்புடன்,
அப்பா