சம்பா பணமும் குறுவைச் செலவும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. நெல் பணம் கணக்கில் ஏறியதும், அறுவடைக் கூலியும் இயந்திர வாடகையும் போக 1,80,000 ரூபாய் நிற்பதும் படித்து மகிழ்ச்சி. ஜூனில் குறுவைக்கு நாற்றங்கால் விடும் வரை அதை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறாய். எங்கே வட்டி அதிகம் கிடைக்கும் என்பதை அப்புறம் பார்ப்போம். இப்போது எந்தக் கடனுக்கு அதிக வட்டி போகிறது என்று பார்.

அடகுக் கடையில் 40,000 ரூபாய்க்கு நகை இருப்பதாக எழுதியிருக்கிறாய். நூற்றுக்கு ஒன்றரை வட்டி என்றால் மாதம் 600, நாலு மாதத்தில் 2,400. அதே தொகையை ஆறு சதவீதத்துக்கு டெபாசிட் போட்டால் நாலு மாதத்துக்கு 800தான் வரும். ஆகவே முதலில் நகையை மீட்டுவிடு. தங்கமாக வாங்கி வைக்கலாமா என்று தங்கை கேட்டதாகச் சொன்னாய். புது நகைக்குச் செய்கூலி, சேதாரம், மூன்று சதவீத ஜிஎஸ்டி எல்லாம் போகும். ஜூனில் விற்றால் அவை திரும்பாது. இருக்கிற நகையை மீட்பதே மேல்.

அடுத்தது வங்கியில் உள்ள கிசான் கிரெடிட் கார்டு கடன் 80,000. ஏழு சதவீதம் என்றால் நாளுக்கு ஏறக்குறைய 15 ரூபாய் வட்டி. தவணை தவறாமல் கட்டினால் மூன்று சதவீதம் சலுகை உண்டு. அப்போதும் நாளுக்கு 9 ரூபாய் ஆகிறது. சேமிப்புக் கணக்கில் இரண்டரை சதவீதத்தில் அதே பணம் உனக்குத் தருவது ஐந்தரை ரூபாய். எனவே இங்கேயே கட்டிவிடு. இது ஒருமுறை கட்டி முடிக்கும் கடன் இல்லை. வரம்புக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம், எடுக்கலாம், வட்டி நிலுவை உள்ள நாட்களுக்கு மட்டும்தான். நடவுக்குத் தேவைப்படும்போது இதிலிருந்தே எடுத்துக்கொள்.

ஆனால் கட்டுவதற்கு முன் கிளையில் இரண்டு விஷயம் கேட்டுக்கொள். வரம்பு இந்த ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டதா, அட்டையின் ஐந்தாண்டு எப்போது முடிகிறது? இவை தெரியாமல் முழுத்தொகையையும் கட்டிவிட்டு, ஜூனில் எடுக்கப் போனால் 'புதுப்பிக்க வேண்டும், சிட்டா அடங்கல் கொண்டு வாருங்கள்' என்பார்கள். நாற்று முற்றிக்கொண்டிருக்கும்போது அதற்காக அலைய முடியாது. தவணைத் தேதியையும் எழுதி வாங்கிக்கொள். அது தாண்டினால் அந்த மூன்று சதவீதச் சலுகை கைவிட்டுப் போகும்.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் எடுத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். நம் மாநிலத்தில் உரிய தேதிக்குள் கட்டினால் வட்டியே இல்லை. அப்படிப்பட்ட கடனை முன்கூட்டியே கட்டுவதில் ஆதாயம் இல்லை. பணத்தைக் குறுகிய கால டெபாசிட்டில் வைத்து, கெடுவுக்குப் பத்து நாள் முன்பே முதிரும்படி பார்த்துக்கொண்டு கட்ட வேண்டும். உன் தம்பியிடம் இதைச் சொல்.

நகைக்கு வட்டியோடு 42,000, அட்டைக்கு 80,000 போனால் மீதி 58,000. இதில் 28,000 வீட்டுச் செலவுக்குச் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். மீதி 30,000ஐ ஒரே டெபாசிட்டாகப் போடாதே. 15,000ஐ மூன்று மாதத்துக்குப் போடு, கோடை உழவுக்கும் விதைக்கும் ஆகும். இன்னொரு 15,000ஐ ஐந்து மாதத்துக்கு, களையெடுப்புக்கும் மேலுரத்துக்கும். இடையில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம். மற்றதன் வட்டி குறையாது. படிவத்தில் 'தானாகப் புதுப்பிக்க' என்ற இடத்தில் டிக் போட வேண்டாம். போட்டால் முதிர்ந்த பணம் கணக்குக்கு வராமல் அதே காலத்துக்கு மறுபடியும் பூட்டிக்கொள்ளும்.

அஞ்சலகக் கால வைப்பு உனக்கு ஒத்துவராது. ஆறு மாதத்துக்கு முன் எடுக்கவே முடியாது, உன் இடைவெளியோ நாலு மாதம். சீட்டும் அப்படித்தான், அது மாதாமாதம் பணம் கேட்கும், உனக்கோ போகத்துக்கொருமுறைதான் வருமானம்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஊர்த் தொடக்கக் கூட்டுறவுச் சங்கம் அரை சதவீதம் கூடத் தருகிறது என்று அங்கே டெபாசிட் போடச் சொல்வார்கள். அந்தச் சங்கங்களின் டெபாசிட்டுக்கு வைப்புக் காப்பீடு கிடையாது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிலும் மற்ற வங்கிகளிலும் 5 லட்சம் வரை உண்டு. 15,000 ரூபாய்க்கு அரை சதவீதம் என்பது ஆண்டுக்கே 75 ரூபாய். அதற்காக விதைப் பணத்தை ஆபத்தில் வைக்காதே.

கிளையில் கேட்ட பிறகு தவணைத் தேதியை எனக்கு எழுது. அதைப் பார்த்து, ஜூனில் எவ்வளவு எடுக்கலாம் என்று சேர்ந்து கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
உன் தோழன்