புரண்டு படுத்தால் சுற்றும் அறை: பெரியம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியம்மா,

நேற்று போனில் "மயக்கம் வருதுடி" என்றுதான் ஆரம்பித்தீர்கள். கண் இருட்டியதா, அறை சுற்றியதா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டது எரிச்சலாக இருந்திருக்கும். நம் பேச்சில் இரண்டுக்கும் மயக்கம் என்ற ஒரே சொல்தான். டாக்டரிடமும் அப்படியே சொன்னால் பேச்சு பிரஷருக்கோ சர்க்கரைக்கோ போய்விடும். பிசியோதெரபிஸ்டாக இதை அடிக்கடி பார்க்கிறேன்.

நீங்கள் சொன்னதை வரிசையாக வைத்துப் பார்த்தேன். விடியற்காலையில் வலப்பக்கம் புரண்டீர்கள். இரண்டு மூன்று நொடி ஒன்றுமில்லை, அப்புறம் மின்விசிறியும் சுவரும் சுழன்றன. அசையாமல் கிடந்ததும் அரை நிமிடத்துக்குள் நின்றது. இடப்பக்கம் புரண்டால் வரவில்லை. மேல் அலமாரியை அண்ணாந்து பார்த்தபோது மறுபடி வந்தது. காதில் இரைச்சலோ அடைப்போ இல்லை. இந்த விவரங்கள் எல்லாம் உள்காதையே காட்டுகின்றன, அதிலும் வலது காதை.

உள்காதில் ஒரு சவ்வின் மேல் கால்சியம் கார்பனேட்டால் ஆன மிகச் சிறிய துகள்கள் ஒட்டியிருக்கும். வயதானால், தலையில் அடிபட்டால், சில சமயம் காரணமே தெரியாமல், சில துகள்கள் கழன்று பக்கத்தில் உள்ள அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடும். தலை திரும்புவதை மூளைக்குச் சொல்வது அந்தக் குழாயில் உள்ள திரவம்தான். நீங்கள் புரளும்போது துகள்கள் சரிந்து அந்தத் திரவத்தையும் இழுக்கின்றன. தலை நின்ற பிறகும் சுற்றுவதாகக் காது பொய் சொல்கிறது. துகள்கள் அடியில் தங்கியதும் பொய்யும் நிற்கிறது. அதனால்தான் தொடங்க இரண்டு நொடி தாமதம், முடிய ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.

இதற்கு மாத்திரை பெரிதாக உதவாது. குமட்டலைக் குறைக்கலாம், தூக்கம் வரவழைக்கலாம். துகளை வெளியே எடுக்காது. எடுப்பது எப்லி முறை. முதலில் டாக்டர் உங்களை வேகமாகப் படுக்க வைத்து, கருவிழிகள் துடிப்பதைப் பார்த்து எந்தக் காது என்று உறுதி செய்வார். வலது காது என்றால், தலையை 45 டிகிரி வலப்பக்கம் திருப்பி, தலை கட்டிலின் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி மல்லாக்கப் படுக்க வைப்பார். சுற்றல் வரும், வரட்டும். அது நிற்கும்வரை அரை நிமிடமோ ஒரு நிமிடமோ காத்திருக்க வேண்டும். பிறகு தலையை மட்டும் 90 டிகிரி இடப்பக்கம். மறுபடி காத்திருப்பு. அடுத்து உடம்போடு இடப்பக்கம் உருண்டு, மூக்கு தரையைப் பார்க்கும்படி. கடைசியில் கால்களைத் தொங்கவிட்டு எழுந்து உட்காரச் சொல்வார். துகள் குழாயைச் சுற்றி வந்து பழைய இடத்தில் விழுந்துவிடும். பலருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே சரியாகிவிடும், ஆனால் திரும்பவும் வரக்கூடியதுதான்.

வீடியோவைப் பார்த்து நீங்களே செய்யத் தொடங்கிவிடாதீர்கள்; பக்கம் மாற்றிச் செய்துவிட்டால் பலன் இருக்காது. உங்கள் கழுத்துத் தேய்மானத்தை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், தலையைத் தொங்கவிடாமல் செய்யும் வேறு முறையும் இருக்கிறது.

அதுவரை இடப்பக்கம் படுங்கள், இரண்டு தலையணை வையுங்கள். எழும்போது தலையும் உடம்பும் ஒன்றாகத் திரும்பட்டும், கையை ஊன்றி உட்கார்ந்து, எதிரில் ஒரே இடத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் இருந்துவிட்டு நில்லுங்கள். இரவு கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும். ஸ்டூல் மேல் ஏற வேண்டாம், ஸ்கூட்டரையும் தொட வேண்டாம். பகல் முழுக்க அசையாமல் கிடப்பதும் தேவையில்லை; மெதுவாக நடமாடுங்கள்.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். அசையாமல் கிடந்தும் சுற்றல் நிற்கவில்லையென்றால் அது துகள் விவகாரம் இல்லை. பேச்சு குழறுதல், முகம் ஒரு பக்கம் கோணுதல், கை கால் பலமிழத்தல் அல்லது மரத்துப்போதல், இரண்டிரண்டாகத் தெரிதல், பிடிமானமின்றி நிற்கவே முடியாமை, இதுவரை வராத கடுமையான தலைவலி அல்லது கழுத்துவலி, திடீரென ஒரு காது கேட்காமல் போதல், நினைவு தப்புதல், நெஞ்சுவலி: இவற்றில் ஒன்று வந்தாலும் எனக்குப் போன் செய்து கேட்காதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பக்கவாதம் சில சமயம் வெறும் தலைசுற்றலாகவே தொடங்கும்.

இன்றிரவு தலைமாட்டில் ஒரு தாளும் பேனாவும் வையுங்கள். எந்தப் பக்கம் புரண்டபோது வந்தது, எத்தனை நொடி இருந்தது என்று மட்டும் குறியுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அதைக் கையோடு எடுத்துப்போங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள் முறை