உங்கள் மூன்று ஒளிப்படங்களுக்காக

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். முதியவர்கள் தம் இளமைக்கால நினைவுகளைச் சொல்லும் 22 நிமிட ஆவணப்படம் ஒன்றை நாங்கள் சில நண்பர்கள் ஊதியம் பெறாமல் எடுத்து வருகிறோம். நீங்கள் எடுத்த மூன்று ஒளிப்படங்களை, அதாவது வாசற்படியில் அமர்ந்திருக்கும் மூதாட்டி, மழையில் நனைந்த வாசகசாலை, பள்ளிப் படிகளில் நிற்கும் சிறுவர்கள் ஆகியவற்றை, அதில் பயன்படுத்த உங்கள் அனுமதியைக் கோருகிறோம்.

படத்தில் இவை எப்படித் தோன்றும் என்பதை முதலில் சொல்லிவிடுவதே முறை. உங்கள் ஒளிப்படங்கள் 3:2 அளவில் உள்ளன. எங்கள் திரையோ 16:9. திரையை முழுதாக நிரப்பினால் உயரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வெட்டுப்படும். வாசகசாலைப் படத்தில் அது வெறும் வானம்தான். ஆனால் மூதாட்டியின் படத்தில் தலையோ பாதமோ போய்விடும் என்பதால், அதை மட்டும் இருபுறமும் கறுப்பு விட்டு முழுமையாகக் காட்ட எண்ணுகிறோம். சிறுவர்கள் படத்தில், அகலத்தில் பாதியளவு பகுதியை நோக்கி மெதுவாக நெருங்கிச் செல்ல விரும்புகிறோம். எங்கள் படம் 1920 புள்ளி அகலம் கொண்டது. ஆகவே உருவம் உடையாமலிருக்க மூலக்கோப்பு குறைந்தது 3840 புள்ளி அகலம் இருக்கவேண்டும். இணையத்தில் உள்ள சிறிய பிரதி இதற்குப் போதாது. நிறத்தை மாற்றமாட்டோம், எழுத்து எதையும் படத்தின் மேல் பதிக்கமாட்டோம், உங்கள் பெயரைத் தவிர.

அந்தப் பெயரைப் பற்றித்தான் சற்று விரிவாக எழுதவேண்டியிருக்கிறது. இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலில் மட்டும் போட்டால் போதும் என்று குழுவில் சிலர் கருதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எவரேனும் ஒரு நிமிடத் துண்டை வெட்டிப் பகிர்ந்தால் பட்டியல் பின்தங்கிவிடும், ஒளிப்படம் மட்டும் பெயரின்றி ஊர் சுற்றும். ஆகவே ஒவ்வொரு படமும் திரையில் இருக்கும் ஆறேழு வினாடிகளும் கீழ் ஓரத்தில் 'ஒளிப்படம்' என்ற சொல்லோடு உங்கள் பெயர் இருக்கும்; இறுதிப் பட்டியலிலும் தனிவரியாக வரும். பெயரை எந்த எழுத்துக்கூட்டலில், முதலெழுத்தோடா இல்லாமலா போடவேண்டும் என்பதை நீங்களே எழுதி அனுப்புங்கள்.

நாங்கள் கேட்பது இலவசத் திரையிடலுக்கும் இணையத்தில் முழுப்படமாக வெளியிடுவதற்கும் மட்டுமான அனுமதி. உரிமை உங்களிடமே இருக்கும். வேறு எவருக்கும் அப்படங்களை நீங்கள் தரலாம். சுவரொட்டிக்கோ முன்னோட்டத்துக்கோ தேவைப்பட்டால் மீண்டும் கேட்போம். இவற்றை ஏதேனும் இதழுக்காக எடுத்திருந்தால் உரிமை அவர்களிடம் இருக்கக்கூடும், அப்படியானால் தெரிவியுங்கள். சிறுவர்களின் பெற்றோர் சம்மதம் உங்கள் அனுமதியில் அடங்காது என்பதால், அவர்களை அணுக வழி உண்டா என்றும் அறிய விரும்புகிறோம். இல்லையெனில் அந்தப் படத்தை விட்டுவிடுவோம்.

இறுதிக் கோப்பை உருவாக்குமுன் உங்கள் படங்கள் வரும் பகுதிகளை அனுப்பிவைப்போம். அதுவரை எந்தப் படத்தையும் நீங்கள் விலக்கிக்கொள்ளலாம். அதற்குப் பின், பிறர் கைக்குப் போய்விட்ட பிரதிகளைத் திரும்பப் பெற எங்களால் இயலாது என்பதை இப்போதே சொல்லிவைக்கிறோம். உங்கள் விடையை எழுத்தில் எதிர்பார்க்கிறோம். விடை வராவிட்டால் அதை இசைவாகக் கொள்ளமாட்டோம்.

இப்படிக்கு,
படக்குழுவின் சார்பில்