பொருள்: கடன் ஒருங்கிணைப்பில் மிச்சமாகும் தொகையைத் தவறாகக் கணக்கிட்டுக் காட்டியது தொடர்பாக

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர் அவர்கள்

ஐயா / அம்மையீர்,

என்னுடைய மூன்று கடன்களைத் தங்கள் நிறுவனம் ஒரே கடனாக மாற்றித் தந்துள்ளது. அப்போது உங்கள் அதிகாரி கொடுத்த தாளில் "ஆண்டுச் சேமிப்பு 1,96,572" என்று அச்சிட்டிருக்கிறது. மாதத் தவணை 25,993-லிருந்து 9,612 ஆகக் குறைகிறது, அந்த வித்தியாசத்தைப் பன்னிரண்டால் பெருக்கியிருக்கிறார்கள். பழைய கடன்கள் மூன்றுக்கும் நான் இனிக் கட்டவேண்டியிருந்த வட்டியே மொத்தம் 35,092தான். கட்டவேண்டிய வட்டியைவிட ஐந்து மடங்குக்கு மேல் எப்படி மிச்சமாகும்?

அன்று என் பாக்கி இது: தனிநபர் கடன் 2,00,000 (12% வட்டி, 18 மாதம்), வாகனக் கடன் 90,000 (15%, 12 மாதம்), கார்டு பாக்கியைத் தவணையாக்கியது 60,000 (24%, 12 மாதம்). எல்லாத் தவணைகளையும் கூட்டினால் 3,85,092 கட்டி முடித்திருப்பேன்.

நீங்கள் தந்த கடனுக்கும் 12% வட்டிதான், ஆனால் 48 மாதம். செயலாக்கக் கட்டணம் 7,000, பழைய கடனை முன்கூட்டியே அடைத்த கட்டணம் 8,000, இரண்டையும் அசலில் சேர்த்து 3,65,000 ஆக்கிவிட்டீர்கள். 9,612 வீதம் 48 மாதம் கட்டினால் 4,61,376. அதாவது 76,284 கூடுதல். தவணை குறைந்ததற்குக் காரணம் வட்டி அல்ல, நீட்டிய காலம்.

வட்டி குறைந்ததால் வந்த லாபத்தையும் தனியாகப் பார்த்தேன். பெரிய கடன் ஏற்கெனவே 12%, அதில் லாபம் ஏதுமில்லை. மற்ற இரண்டையும் அதே 12 மாதத்தில் 12% வட்டியில் அடைத்திருந்தால் சுமார் 5,600 மிஞ்சியிருக்கும். அதற்கு நான் கொடுத்த விலை 15,000. காலத்தை நீட்டாமல் விட்டிருந்தாலும் இது நஷ்டக் கணக்குதான். மாதச் சுமை குறைந்தால் போதும் என்று கேட்பவருக்கு இது பொருந்தலாம். நான் கேட்டது மொத்தம் குறையுமா என்று. "கண்டிப்பாகக் குறையும் சார்" என்றுதான் பதில் வந்தது.

அந்த 15,000ஐ அசலிலிருந்து கழித்து, தவணைக் காலத்தை 18 மாதமாகத் திருத்தித் தரவும். அப்படிச் செய்தால் மாதம் 21,344, மொத்தம் 3,84,192 வரும்; பழையதைவிட 900 குறைவு, அவ்வளவுதான். இது முடியாது என்றால், முன்கூட்டியே அடைக்கும் கட்டணம் ஏதுமின்றி இந்தக் கடனை நான் முடித்துக்கொள்ள அனுமதியுங்கள். எதுவானாலும், பழைய மொத்தம், புதிய மொத்தம், கட்டணங்கள் மூன்றும் தனித்தனி வரிசையில் உள்ள கணக்கை எழுத்துமூலம் அனுப்பவும். உங்கள் அதிகாரி தந்த தாளின் நகல், பழைய கடன்களின் தவணை அட்டவணைகள், புதிய ஒப்பந்தத்தின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்