வினையை முடித்துவிட்டுப் புள்ளி வை

அன்புள்ள கண்ணு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மெயின்ஸ் பயிற்சி விடையை நேற்று ராத்திரி மூன்று தடவை படித்தேன். ஊராட்சிகளைப் பற்றிய அந்த 15 மதிப்பெண் கேள்விதான். விஷயமெல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் நீ என்ன வாதிடுகிறாய் என்பது எனக்கு மூன்றாவது தடவைதான் பிடிபட்டது, திருத்துகிறவர் ஒரு தடவைதான் படிப்பார். பிளஸ் டூ தாள்களை இத்தனை வருஷம் திருத்தியவன் என்பதால் சொல்கிறேன், கட்டு கட்டாகத் தாள் முன்னால் இருக்கும்போது யாரும் திரும்பிப் போய்ப் படிக்க மாட்டார்கள்.

நீ எழுதிய வாக்கியத்தை அப்படியே கீழே எழுதுகிறேன், பார்.

"73-வது அரசியலமைப்புத் திருத்தத்தால் ஊராட்சிகளுக்கு அரசியலமைப்புத் தகுதி கிடைத்து, ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல் கட்டாயமாகி, மாநிலத் தேர்தல் ஆணையம் உருவாக்கப்பட்டு, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தாலும், பதினோராவது அட்டவணையின் 29 பொருள்களில் அதிகாரம் அளிப்பது மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டிருப்பதால், நிதி, பணியாளர்கள் இல்லாமல், மாநில அரசைச் சார்ந்தே இயங்க வேண்டியுள்ளது."

எது இயங்க வேண்டியுள்ளது? ஊராட்சிகள். அந்தச் சொல் முதல் வரியோடு போய்விட்டது. நடுவில் தகுதி, தேர்தல், ஆணையம், இடம் என்று எழுவாய் மாறிக்கொண்டே வருகிறது. 'கிடைத்து', 'ஆகி', 'உருவாக்கப்பட்டு' மாதிரியான எச்சம் வந்தாலே, இதே எழுவாய் பின்னால் எதையோ செய்து முடிக்கப்போகிறது என்று படிக்கிறவர் மனசு காத்திருக்கும். இங்கே மூன்று தடவை காத்திருந்து மூன்று தடவையும் ஏமாறுகிறது. காற்புள்ளிகளும் எல்லாம் ஒரே அளவு. பட்டியலுக்கும் அதுதான், 'இருந்தாலும்' என்று உன் வாதம் திரும்புகிற முக்கியமான இடத்துக்கும் அதுதான்.

இந்தக் காற்புள்ளிகளை அழித்துவிட்டு அரைப்புள்ளி போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதே. 'கட்டாயமாகி;' என்று தமிழில் நிறுத்த முடியாது. நம் மொழியில் அரைப்புள்ளியும் முற்றுப்புள்ளியும் முடிந்த வினைக்குப் பின்னால்தான் உட்காரும், எச்சத்துக்குக் காற்புள்ளிதான். அதனால் முதலில் வினையை முடி, அப்புறம் புள்ளி தானாக வந்து விழும். நான் மாற்றி எழுதியது இது:

"73-வது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளின் இருப்பை உறுதி செய்தது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல் கட்டாயமானது; அதை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம் வந்தது; பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம் ஒதுக்கப்பட்டது. ஆனால் ஊராட்சிகளின் அதிகாரத்தை அது உறுதி செய்யவில்லை. பதினோராவது அட்டவணையின் 29 பொருள்களில் எவற்றை அவற்றிடம் ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்கிறது. அதனால் நிதிக்கும் பணியாளர்களுக்கும் ஊராட்சிகள் மாநில அரசையே எதிர்பார்த்து நிற்கின்றன."

அரைப்புள்ளி எங்கே வந்திருக்கிறது என்று கவனி. மூன்றும் 'இருப்பை உறுதி செய்தது' என்ற ஒரே கூற்றுக்கான சான்றுகள், அதனால் பிரித்தும் பிரிக்காமலும் நிற்கின்றன. வாதம் திரும்புகிற இடத்தில் முற்றுப்புள்ளி வைத்து, 'ஆனால்' என்று புது வாக்கியம் தொடங்கியிருக்கிறேன். அந்த 'ஆனால்' ஒன்றைப் பார்த்தாலே திருத்துகிறவருக்கு உன் நிலைப்பாடு புரிந்துவிடும். வார்த்தைகளும் பெரிதாகக் கூடவில்லை, 250 சொல்லுக்குள் தாராளமாக அடங்கும்.

காற்புள்ளியே வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாம் பக்கத்தில் 'அரசு ஏற்காத ஆணையத்தின் பரிந்துரைகள்' என்று எழுதியிருக்கிறாய். அரசு ஏற்காதது ஆணையத்தையா, பரிந்துரைகளையா? பரிந்துரைகளை என்றால் 'அரசு ஏற்காத, ஆணையத்தின் பரிந்துரைகள்' என்று ஒரு காற்புள்ளி போட வேண்டும், அப்போதுதான் 'ஏற்காத' என்பது பக்கத்துச் சொல்லைத் தாண்டிப் போகும். ஆனால் 'நிதியும், பணியாளர்களும்' என்று எழுதியிருக்கிறாயே, அங்கே வேண்டாம். 'உம்' இருந்தால் அதுவே பிரித்துக் காட்டிவிடுகிறது.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு பத்தியிலும் முடிந்த வினைகளுக்கு மட்டும் பென்சிலால் கோடு போட்டுப் பார். ஐந்தாறு வரிக்கு ஒரே ஒரு கோடு விழுந்தால் அந்த இடத்தில் சிக்கல் இருக்கிறது. பரீட்சை ஹாலில் இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது, மூன்று மணி நேரத்தில் இருபது கேள்வி. அதனால் வீட்டிலேயே கை பழகிவிட வேண்டும். இன்னொன்று, நீ வேகமாக எழுதும்போது முற்றுப்புள்ளிக்கு வால் முளைத்துக் காற்புள்ளி மாதிரி தெரிகிறது. புள்ளியை அழுத்தி வைத்து, ஒரு விரல் இடம் விட்டு அடுத்த வாக்கியத்தைத் தொடங்கு.

முதல் பத்தியை மட்டும்தான் நான் மாற்றினேன். மீதியை நீயே மாற்றி ஞாயிற்றுக்கிழமைக்குள் போட்டோ அனுப்பு, வெளிச்சத்தில் எடு, போன தடவை ஓரம் இருட்டாக இருந்தது. அம்மா பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறாள், திங்கட்கிழமை பார்சலில் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா